மீளாச் சுழற்சியில் Q/T கூட்டுத்தொகை ஏன் சுழிக்குக் கீழே போகிறது: என்ட்ரோபியை அடையும் வழி, படிப்படியாக

ஒரு வெப்ப இயந்திரம் ஒரு முழுச் சுழற்சியை முடித்துத் தொடங்கிய நிலைக்கே திரும்பி வருகிறது என்று கொள்வோம். வழியில் அது பெற்ற ஒவ்வொரு வெப்ப அளவையும், அந்த வெப்பம் கைமாறிய இடத்தின் வெப்பநிலையால் வகுத்து, எல்லாவற்றையும் குறியோடு கூட்டினால் வரும் விடை சுழியாக இருக்கும், அல்லது சுழிக்குக் கீழே இருக்கும். சுழிக்கு மேலே ஒருபோதும் போகாது. ரூடால்ஃப் கிளாசியஸ் 1850-களில் தொடங்கி வளர்த்தெடுத்த இந்தக் கருத்திலிருந்துதான், 1865-இல் அவரே பெயரிட்ட என்ட்ரோபி என்னும் அளவு பிறந்தது. முதல் விதியையும், கார்னோ இயந்திரத்தையும், நல்லியல்பு வாயுச் சமன்பாட்டையும் படித்துவிட்டு, இந்த இடத்தில் வந்து தடுமாறுபவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. தாளும் பேனாவும் கையில் வைத்துக்கொண்டு எண்களைக் கூடவே போட்டுப் பார்த்தால் நன்றாகப் பிடிபடும்.

படி 1: கணக்கு எழுதும் முறையை முதலில் முடிவு செய்யுங்கள்

இயந்திரத்தின் உள்ளே இருக்கும் வாயுவை, அதாவது செயல்படு பொருளை, நம் அமைப்பாக எடுத்துக்கொள்வோம். அமைப்புக்குள் வரும் வெப்பம் நேர்க்குறி. அமைப்பிலிருந்து வெளியேறும் வெப்பம் எதிர்க்குறி. வெப்பநிலை எப்போதும் கெல்வினில்தான் இருக்க வேண்டும், ஏனெனில் நாம் அதனால் வகுக்கப் போகிறோம். செல்சியசில் சுழி எங்கே இருக்கிறது என்பது தண்ணீர் உறையும் இடத்தைப் பொறுத்த ஏற்பாடு, அதனால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. அமைப்புக்குள் பொருள் நுழைவதோ வெளியேறுவதோ இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

இன்னொரு முடிவும் வேண்டும்: வகுக்கும் வெப்பநிலை யாருடையது? இப்போதைக்கு, வெப்பத்தைக் கொடுக்கும் அல்லது வாங்கும் வெளிப்பொருளின் வெப்பநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வினாவுக்குப் படி 4-இல் விரிவாகத் திரும்பி வருவோம், ஏனெனில் கற்பவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

படி 2: ஓர் இயந்திரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்

600 கெல்வினில் ஒரு வெப்ப மூலமும், 300 கெல்வினில் ஒரு வெப்ப ஏற்பியும் இருக்கின்றன. இரண்டும் மிகப் பெரியவை. சில ஆயிரம் ஜூல் போனாலும் வந்தாலும் அவற்றின் வெப்பநிலை மாறாது.

முதலில் ஒரு கார்னோ இயந்திரம். அது மூலத்திலிருந்து 1200 ஜூல் பெற்றால், அதன் பயனுறுதிறன் 1 − 300/600, அதாவது 0.5 என்பதால், 600 ஜூலை வேலையாகத் தந்து 600 ஜூலை ஏற்பியில் கொட்டும். கூட்டுத்தொகை 1200/600 − 600/300 = 2 − 2 = 0.

அடுத்து, அதே மூலத்துக்கும் ஏற்பிக்கும் இடையே ஓடும் ஒரு சாதாரண இயந்திரம். 1200 ஜூல் பெற்று 400 ஜூலை மட்டும் வேலையாக்கி, மீதி 800 ஜூலை ஏற்பியில் கொட்டுகிறது. கூட்டுத்தொகை 1200/600 − 800/300 = 2 − 2.667 = −0.667 ஜூல்/கெல்வின். எதிர்க்குறி எங்கிருந்து வந்தது என்பதை இங்கேயே காணலாம். வேலையாக மாறியிருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி, சிறிய எண்ணால் வகுக்கப்படும் பக்கத்தில், அதாவது குளிர்ந்த பக்கத்தில், வெப்பமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இப்போது ஒரு கற்பனை இயந்திரம். 1200 ஜூல் பெற்று 700 ஜூல் வேலை தருவதாகவும், 500 ஜூலை மட்டுமே கொட்டுவதாகவும் ஒருவர் சொல்கிறார். ஆற்றல் கணக்கு சரியாகவே இருக்கிறது. முதல் விதிக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் கூட்டுத்தொகை 2 − 1.667 = +0.333. இது நடக்காது என்று இரண்டாம் விதியை வைத்துக் காட்ட வேண்டும்.

படி 3: மூலத்தை நிரப்பித் தரும் துணைக் கருவியைச் சேருங்கள்

நிறுவலின் முழு வலிமையும் இந்த ஒரு யோசனையில் இருக்கிறது. இயந்திரம் மூலத்திலிருந்து எடுத்த வெப்பத்தை, பின்னோக்கி ஓடும் ஒரு கார்னோ கருவியைக் கொண்டு அப்படியே திருப்பி வைத்துவிட வேண்டும். சுழற்சியின் முடிவில் மூலமும் பழைய நிலைக்கு வந்துவிடும், வாயுவும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஏதேனும் மாற்றம் மிஞ்சியிருந்தால் அது 300 கெல்வின் ஏற்பியிலும் வேலைக் கணக்கிலும் மட்டுமே தெரியும்.

600 கெல்வின் மூலத்தில் 1200 ஜூலை வைக்க, பின்னோக்கி ஓடும் கார்னோ கருவி ஏற்பியிலிருந்து 600 ஜூலை எடுக்கும். கூடவே 600 ஜூல் வேலையையும் கேட்கும். இதைக் கற்பனை இயந்திரத்தோடு சேர்த்துப் பாருங்கள். இயந்திரம் 700 ஜூல் வேலை தருகிறது, கருவி 600 ஜூல் கேட்கிறது; கையில் 100 ஜூல் வேலை மிஞ்சுகிறது. இயந்திரம் ஏற்பியில் 500 ஜூலைக் கொட்டுகிறது, கருவி 600 ஜூலை எடுக்கிறது. ஏற்பியிலிருந்து 100 ஜூல் போயிருக்கிறது. வேறெதுவும் மாறவில்லை. அதாவது, ஒரே வெப்பநிலையில் உள்ள ஒரு பொருளிலிருந்து வெப்பத்தை எடுத்து, அதை முழுவதுமாக வேலையாக மாற்றியிருக்கிறோம். இதைத்தான் கெல்வின் வடிவிலான இரண்டாம் விதி முடியாது என்கிறது. ஆகவே அந்த இயந்திரம் இருக்க முடியாது.

சாதாரண இயந்திரத்தோடு அதே கருவியைச் சேர்த்தால், 400 ஜூல் வேலை வருகிறது, 600 ஜூல் வேலை தேவைப்படுகிறது; 200 ஜூலை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஏற்பிக்கு 800 ஜூல் வந்து 600 ஜூல் போகிறது. 200 ஜூல் கூடுகிறது. வேலை முழுவதும் வெப்பமாக மாறியிருக்கிறது. இதற்கு எந்தத் தடையும் இல்லை. உராய்வு ஒவ்வொரு நாளும் செய்யும் காரியம் இது. இந்த 200 ஜூலை 300-ஆல் வகுத்தால் 0.667 வருவதைக் கவனியுங்கள். கூட்டுத்தொகையின் அளவை ஏற்பியின் வெப்பநிலையால் பெருக்கினால், நாம் இழந்த வேலை அப்படியே கிடைக்கிறது.

இனி இதைப் பொதுவாக்குவது எளிது. அமைப்பு இரண்டோடு நிற்காமல் பல வெப்பநிலைகளில் உள்ள பல பொருள்களோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளட்டும். T₁ வெப்பநிலையில் உள்ள பொருளிடமிருந்து Q₁, T₂-இல் உள்ளதிடமிருந்து Q₂ என்று பெறட்டும். T₀ வெப்பநிலையில் ஒரே ஒரு பொது வெப்பத் தேக்கத்தை வைத்து, அதற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இடையே ஒரு சிறிய கார்னோ கருவியை நிறுத்துவோம். ஒவ்வொரு கருவியும் தன் பொருள் இழந்ததை அப்படியே ஈடு செய்ய வேண்டும். பொருள் பெற்றிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். கார்னோ விகிதப்படி, Tᵢ-இல் Qᵢ அளவு வெப்பத்தை வைக்கும் கருவி T₀-இலிருந்து T₀Qᵢ/Tᵢ அளவு வெப்பத்தை எடுக்கும். சுழற்சி முடிந்தபின் எல்லாப் பொருள்களும் பழைய நிலையில் இருக்கும். பொதுத் தேக்கத்திலிருந்து மொத்தமாக வெளியேறிய வெப்பம்

```
Q₀ = T₀ × (Q₁/T₁ + Q₂/T₂ + Q₃/T₃ + ...)
```

அமைப்பின் அக ஆற்றல் தொடக்கத்துக்கே திரும்பிவிட்டதால், இந்த Q₀ முழுவதும் வேலையாக மாறியிருக்க வேண்டும். ஒரே தேக்கத்திலிருந்து எடுத்த வெப்பம் முழுவதும் வேலையாவது இயலாது என்பதால், Q₀ நேர்க்குறி பெற முடியாது. T₀ நேர் எண். எனவே அடைப்புக்குள் இருக்கும் கூட்டுத்தொகை சுழிக்கு மேலே போகாது. வெப்பம் தொடர்ச்சியாகக் கைமாறினால் கூட்டலுக்குப் பதில் தொகையீடு வரும்:

```
∮ δQ/T ≤ 0
```

இங்கே நிறுத்திவிடக் கூடாது. "சுழி அல்லது அதற்குக் கீழே" என்று மட்டுமே இதுவரை காட்டியிருக்கிறோம். மீள் சுழற்சிக்குச் சுழி, மீளாச் சுழற்சிக்குக் கட்டாயமாக எதிர்க்குறி என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். பல வகுப்புக் குறிப்புகள் இந்தப் பகுதியை ஒரே வரியில் கடந்து விடுகின்றன. என் கருத்தில், கருப்பொருளே இதுதான்.

சுழற்சி மீள் சுழற்சியாக இருந்தால், அதை அப்படியே பின்னோக்கி ஓட்டலாம். வெப்ப அளவுகள் அதே, குறிகள் மட்டும் மாறும். முன்னோக்கி ஓடும்போது கூட்டுத்தொகை சுழிக்கு மேலே இருக்கக் கூடாது. பின்னோக்கி ஓடும்போதும் இருக்கக் கூடாது. ஓர் எண்ணும் அதன் எதிர் எண்ணும் இரண்டுமே சுழிக்கு மேலே போகாமல் இருக்க ஒரே வழி, அந்த எண் சுழியாக இருப்பது.

சுழற்சியில் எங்கேனும் மீளா நிகழ்வு இருந்தும் கூட்டுத்தொகை சுழியாகவே வந்தது என்று ஒரு கணம் வைத்துக்கொள்வோம். அப்போது Q₀ சுழி. பொதுத் தேக்கத்தில் மாற்றமில்லை, வேலைக் கணக்கிலும் மிச்சமில்லை, வெளிப்பொருள்கள் அனைத்தும் பழைய நிலைக்கு வந்துவிட்டன, அமைப்பும் வந்துவிட்டது. உலகில் எங்கும் எந்தத் தடயமும் இல்லாமல் அந்த மீளா நிகழ்வு அழிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தடயமின்றித் திருப்ப முடியாதது என்பதுதானே மீளா நிகழ்வின் வரையறை? ஆகவே சுழியும் வர முடியாது. எஞ்சுவது எதிர்க்குறி மட்டுமே.

படி 4: வெப்பநிலை யாருடையது என்று கேளுங்கள்

400 ஜூல் மட்டும் தந்த நம் சாதாரண இயந்திரத்துக்குத் திரும்புவோம். அதன் உள்ளே உராய்வே இல்லை, வாயு மிக மெதுவாகவே விரிந்து சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை ஓரிடத்தில் மட்டும் இருக்கிறது: மூலத்துக்கும் வாயுவுக்கும் இடையே உள்ள சுவர் வெப்பத்தை எளிதாகக் கடத்துவதில்லை. அதனால் மூலம் 600 கெல்வினில் இருந்தாலும், வெப்பத்தைப் பெறும்போது வாயு 450 கெல்வினில்தான் இருக்கிறது. 450-க்கும் 300-க்கும் இடையே ஓடும் கார்னோ சுழற்சியின் பயனுறுதிறன் 1 − 300/450, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 1200 ஜூலில் மூன்றில் ஒரு பங்கு 400 ஜூல். நாம் கண்ட இயந்திரம் இதுவே.

இப்போது வாயுவின் வெப்பநிலையால் வகுத்துப் பாருங்கள்: 1200/450 − 800/300 = 2.667 − 2.667 = 0. மூலத்தின் வெப்பநிலையால் வகுத்தபோது −0.667 வந்தது, வாயுவின் வெப்பநிலையால் வகுத்தால் சுழி வருகிறது. இரண்டில் ஒன்று தவறு என்று அவசரப்பட வேண்டாம். இரண்டும் சரி, அமைப்பின் எல்லையை வேறு வேறு இடத்தில் வரைந்திருக்கிறோம். எல்லையைச் சுவருக்கு உள்ளே வரைந்தால், உள்ளே நடப்பது மீள் சுழற்சி, ஆகவே சுழி. எல்லையைச் சுவருக்கு வெளியே வரைந்தால், 600-லிருந்து 450-க்கு வெப்பம் இறங்கும் மீளா நிகழ்வும் சுழற்சிக்குள் வந்துவிடுகிறது. அந்த இறக்கத்தின் பங்கு மட்டும் 1200/450 − 1200/600 = 0.667. காணாமல் போன எண் அப்படியே சுவரில் கிடைக்கிறது.

எனவே நடைமுறை விதி இது: T என்பது வெப்பம் எல்லையைக் கடக்கும் இடத்தின் வெப்பநிலை. எல்லை எங்கே என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். ஒரு கணக்கில் மீளா நிகழ்வு இருப்பது தெரிந்தும் விடை சுழியாக வந்தால், அந்த நிகழ்வு நீங்கள் வரைந்த எல்லைக்கு வெளியே நின்றுவிட்டதா என்று பாருங்கள். வேகமாக விரியும் வாயுவுக்கு உள்ளே இடத்துக்கு இடம் வெப்பநிலை மாறும்; "வாயுவின் வெப்பநிலை" என்று ஒற்றை எண்ணே இருக்காது. அப்போதும் வெளிப்பொருளின் வெப்பநிலை தெளிவாகவே இருக்கும் என்பதால், படி 1-இல் செய்த தேர்வு பாதுகாப்பானது.

படி 5: மீள் பாதைகளை ஒப்பிட்டு நிலைச் சார்பைக் கண்டுபிடியுங்கள்

A, B என்று இரண்டு சமநிலைகள். A-யிலிருந்து B-க்கு ஒரு மீள் பாதையில் சென்று, வேறொரு மீள் பாதையில் திரும்பினால், அது ஒரு மீள் சுழற்சி; கூட்டுத்தொகை சுழி. அதாவது போன வழியின் கூட்டுத்தொகையும், திரும்பிய வழியை முன்னோக்கி நடந்தால் வரும் கூட்டுத்தொகையும் சமம். எந்த இரண்டு மீள் பாதைகளை எடுத்தாலும் இது பொருந்தும். ஆகவே மீள் பாதையில் எடுத்த ∫δQ/T என்பது பாதையைச் சார்ந்ததன்று. தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே சார்ந்தது.

எண்களில் பார்ப்போம். 300 கெல்வினில் ஒரு மோல் ஹீலியம். அதை நல்லியல்பு வாயுவாகக் கொள்ளலாம். அதன் பருமன் இரு மடங்காக வேண்டும், வெப்பநிலை மீண்டும் 300 கெல்வினாகவே இருக்க வேண்டும்.

முதல் பாதையில் வெப்பநிலையை மாற்றாமல் மெதுவாக விரிய விடுகிறோம். வாயு பெறும் வெப்பம் RT ln 2 = 8.314 × 300 × 0.693, ஏறக்குறைய 1729 ஜூல். 300-ஆல் வகுத்தால் 5.76 ஜூல்/கெல்வின்.

இரண்டாம் பாதையில் அழுத்தத்தை மாற்றாமல் 600 கெல்வின் வரை மெதுவாகச் சூடாக்குகிறோம். பருமன் இரு மடங்காகிவிடும். பிறகு பருமனை மாற்றாமல் 300 கெல்வினுக்குக் குளிர்விக்கிறோம். சூடாக்க 6236 ஜூல் உள்ளே போகிறது, குளிர்விக்க 3741 ஜூல் வெளியே வருகிறது. நிகர வெப்பம் ஏறக்குறைய 2494 ஜூல். முதல் பாதையின் 1729-உடன் இது பொருந்தவே இல்லை. வெப்பம் நிலைச் சார்பு அன்று என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சிறு வெப்பத்தையும் அது நுழைந்த வேளையின் வெப்பநிலையால் வகுத்துக் கூட்டினால், சூடாக்கும் பகுதி (5/2)R ln 2 = 14.41, குளிர்விக்கும் பகுதி −(3/2)R ln 2 = −8.64. கூட்டினால் மீண்டும் 5.76.

பாதையைச் சாராத இந்த அளவுக்குத்தான் என்ட்ரோபி என்று பெயர், குறியீடு S.

```
S(B) − S(A) = ∫ δQ/T   (A-யிலிருந்து B-க்கு, மீள் பாதையில்)
```

அழுத்தம், பருமன், அக ஆற்றல் போல, என்ட்ரோபியும் வாயு இப்போது இருக்கும் நிலையைச் சொன்னாலே தீர்மானமாகிவிடுகிறது. எந்த வழியாக வந்தது என்ற வரலாறு தேவையில்லை. இந்த வரையறை வேறுபாட்டைத்தான் தருகிறது, தனி மதிப்பைத் தருவதில்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

படி 6: மீளாப் பாதையில் என்ன ஆகிறது என்று பாருங்கள்

இப்போது A-யிலிருந்து B-க்கு மீளாப் பாதையில் சென்று, மீள் பாதையில் திரும்புவோம். முழுச் சுழற்சியும் மீளாச் சுழற்சி, கூட்டுத்தொகை எதிர்க்குறி. திரும்பும் பகுதியின் பங்கு S(A) − S(B). ஆகவே

```
S(B) − S(A) > ∫ δQ/T   (மீளாப் பாதையில்)
```

அதே ஹீலியத்தை எடுத்துக்கொள்வோம். வாயுவைச் சுற்றி 300 கெல்வின் வெப்பத் தேக்கம் இருக்கிறது. பிஸ்டன் மேலிருக்கும் அழுத்தத்தை ஒரே அடியாகப் பாதியாகக் குறைத்துவிட்டால், வாயு விரைந்து விரிந்து, இரு மடங்கு பருமனில் மீண்டும் 300 கெல்வினுக்கு வந்து நிற்கும். அது செய்யும் வேலை RT/2, அதாவது 1247 ஜூல். அக ஆற்றல் மாறாததால் தேக்கத்திலிருந்து பெறும் வெப்பமும் அதுவே. 300-ஆல் வகுத்தால் 4.16. மெதுவாக அமுக்கித் திருப்பிக் கொண்டுவந்தால் 1729 ஜூல் வெளியேறும், பங்கு −5.76. சுழற்சியின் கூட்டுத்தொகை −1.61.

அழுத்தத்தை ஒரே அடியாகக் குறைக்காமல், சம விகிதத்தில் பத்துப் படிகளாகக் குறைத்தால், போகும் வழியின் பங்கு 5.57 ஆக உயரும். சுழற்சியின் கூட்டுத்தொகை −0.20 ஆகச் சுருங்கும். படிகளைக் கூட்டக் கூட்டச் சுழியை நெருங்கும், ஆனால் தாண்டாது. எதிர்த் திசையில் கடைசி எல்லை தடையிலா விரிவு: காப்பிடப்பட்ட கலத்தில், ஒரு பக்கம் வாயு, மறு பக்கம் வெற்றிடம், நடுவில் உள்ள தடுப்பை எடுத்துவிடுகிறோம். வேலை இல்லை, வெப்பம் இல்லை. போகும் வழியின் பங்கு சுழி, சுழற்சியின் கூட்டுத்தொகை −5.76.

மூன்று வழிகளிலும் வாயுவின் என்ட்ரோபி மாற்றம் +5.76 தான், ஏனெனில் தொடக்கமும் முடிவும் ஒன்றே. "தடையிலா விரிவில் Q சுழி, ஆகவே ΔS சுழி" என்று எழுதுவது, மீள் பாதைக்கு மட்டும் உரிய சூத்திரத்தை மீளாப் பாதையில் போட்ட பிழை. மீளா நிகழ்வின் ΔS வேண்டுமானால், நடந்த பாதையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே இரு நிலைகளை இணைக்கும் ஒரு மீள் பாதையைக் கற்பனையில் அமைத்து, அதில் கணக்கிட வேண்டும்.

இதன் மறுபக்கமாக இன்னொரு பிழையும் வரும். மீளாச் சுழற்சியில் கூட்டுத்தொகை எதிர்க்குறி என்று படித்தவர்கள், அந்தச் சுழற்சியில் வாயுவின் என்ட்ரோபி குறைகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாயு தொடங்கிய நிலைக்கே வந்துவிட்டதால் அதன் என்ட்ரோபி மாற்றம் சுழி, சுழற்சி மீளாததாக இருந்தாலும் சுழிதான். எதிர்க்குறி பெற்ற எண், எல்லை வழியாக நடந்த கொடுக்கல் வாங்கலின் நிகரத் தொகை. நம் 400 ஜூல் இயந்திரத்தில், 600 கெல்வின் மூலம் 1200 ஜூலை இழந்து 2 ஜூல்/கெல்வின் என்ட்ரோபி குறைந்தது. 300 கெல்வின் ஏற்பி 800 ஜூலைப் பெற்று 2.667 கூடியது. இயந்திரத்துக்கு −0.667 என்று எழுதிய அதே எண், சுற்றுப்புறத்தில் +0.667 ஜூல்/கெல்வின் என்ட்ரோபி உயர்வாக நிற்கிறது.